முதுகு காட்டாத நிலா

பள்ளிக்கூட வானியல் முகாமில் இரவு தங்க வந்த அன்றே அஸ்மியாவுக்கு வீட்டையும் உம்மாவையும் தேடத் தொடங்கிவிட்டது. மாங்குளத்திலிருந்து ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. “உம்மாட்டப் போகப் போறியோ?” என்று எல்லார் முன்னாலும் நக்கலடித்தவள் யதுர்ஷிகா.

நிலாவின் வடிவங்களைக் காட்டும் விளையாட்டில் அந்த யதுர்ஷிகாதான் பூமி. மண்டபத்தின் நடுவே கதிரையில் உட்கார்ந்திருந்தாள். மேசை விளக்குச் சூரியன். அஸ்மியா நிலா. மற்றப் பிள்ளைகள் விளக்குக்குப் பின்னால் இருந்தார்கள்.

“பூமியைப் பாத்தபடியே சுத்தி வாங்கோ. நிலா முதுகைக் காட்டாது,” என்றார் கௌசலா ரீச்சர். “தெரியிற வடிவத்தைப் பூமி சொல்லோணும்.”

விளக்குக்கும் பூமிக்கும் நடுவே அஸ்மியா நின்றாள். முதுகில்தான் வெளிச்சம், முகம் இருட்டு.

“அமாவாசை!” என்றாள் யதுர்ஷிகா.

அந்த இருட்டில் அஸ்மியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அங்கேயே நின்றுவிடலாம் போலிருந்தது. நிலா நிற்கக்கூடாதே! அடி வைக்க வைக்க வெளிச்சம் கன்னத்தில் ஏறியது.

“பிறை... அரை நிலா...”

முகத்தைத் திருப்ப வழியில்லை. கண்ணைத் துடைத்தாலும் தெரிந்துவிடும். பூமிக்குப் பின்னால் வந்ததும் விளக்கு முகத்தில் நேரே அடித்தது.

கதிரையில் திரும்பியிருந்த யதுர்ஷிகா அந்த ஈரக் கண்களைக் கண்டாள். சட்டென்று எழுந்து நின்றாள். அவளுடைய நிழல் அஸ்மியாவை முழுதாக மூடியது.

“கதிரையில இரும் பிள்ளை! இது பௌர்ணமியெல்லோ?”

“இல்லை ரீச்சர், கிரகணம்,” என்ற யதுர்ஷிகா, அஸ்மியா முகத்தைத் துடைத்து முடிக்கும்வரை உட்காரவேயில்லை.