எந்த சரி

எங்கள் அலுவலகத்தில் முதலாளி சொன்னால் அது வேண்டுகோள், அண்ணி சொன்னால்தான் உத்தரவு. முதலாளியின் அண்ணன் மனைவிதான் எங்கள் திட்ட மேலாளர். கணினி நிரல் எழுதுகிற நானும் அவரை அண்ணி என்றே கூப்பிடுவேன்.

வெள்ளிக்கிழமை மாலை. மருத்துவமனைக்கு வார நிலவர மெயில் போக வேண்டும். அவர்களுடைய முன்பதிவுகளைப் புது மென்பொருளுக்கு மாற்றித் திங்கட்கிழமை திறப்பதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். முன்னேற்றம் எழுதியாயிற்று, தடைகளும் எழுதியாயிற்று. 'உங்கள் முடிவு தேவைப்படுபவை' என்ற மூன்றாவது தலைப்பில் அண்ணி நின்றுவிட்டார்.

"ஒண்ணும் இல்லேன்னு போடுங்க அண்ணி," என்றார் முதலாளி.

"நோயாளி உறுதி செய்யாத முன்பதிவுகளைப் புதுசுல சேர்க்காம விட்டுடலாமான்னு கேட்டிருந்தோமே. பதில் வரல தம்பி."

"போன்ல கேட்டேன். அந்த ஆஸ்பத்திரி நிர்வாகி சரின்னாரு."

"எந்த சரி?"

"சரின்னா சரிதானே. அதுல என்ன ரகம்?"

"ஒத்துக்கிட்டுச் சொல்ற சரி வேற, 'ம்' கொட்டுற சரி வேற. உங்க அண்ணன் டிவி பார்த்துக்கிட்டே எனக்கு எத்தனை சரி சொல்றார் தெரியுமா? ஒண்ணாவது நடந்திருக்கா?"

 எனக்கோ எரிச்சல். அந்தப் பதிவுகளை நீக்கும் கட்டளை என் திரையில் தயாராக இருந்தது. ஒரு தட்டு தட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

அண்ணி மெயிலின் தலையில் தடையில்லை என்று காட்டிய பச்சை நிறத்தை, கவனம் தேவை என்று காட்டும் மஞ்சளாக்கினார். கீழே எழுதினார்: உறுதி செய்யாத முன்பதிவுகளை விடுவதா, கொண்டுவருவதா? விட்டால் திங்கட்கிழமை திறக்கலாம். கொண்டுவந்தால் புதன்கிழமை. கொண்டுவருவதே எங்கள் பரிந்துரை. நாளை நண்பகலுக்குள் நிர்வாகியின் பதில் தேவை. அதுவரை எதையும் நீக்கமாட்டோம்.

பதில் போடாதது அவர்கள் தப்பு என்கிற வாடைகூட அதில் இல்லை. ஆனால் படிக்கிறவர் நழுவ ஓர் ஓட்டையும் இல்லை. நான் எழுதியிருந்தால் 'தங்கள் மேலான கருத்தை எதிர்பார்க்கிறோம்' என்று குழைந்திருப்பேன்.

"தேதி தள்ளிப்போனா என் மானம் போகும்," என்று முணுமுணுத்தார் முதலாளி. அண்ணி அனுப்பிவிட்டார்.

நான் பையை எடுப்பதற்குள் போன் அடித்தது. நிர்வாகிதான். முதலாளி ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் எப்போ சரி சொன்னேன்னே ஞாபகம் இல்ல சார். உறுதி செய்யாதவங்கள்ல பாதிப் பேரு டயாலிசிஸ் நோயாளிங்க. மெசேஜுக்கெல்லாம் பதில் போட மாட்டாங்க, அவங்க நேரத்துக்கு நேரா வந்து நிப்பாங்க. பேர் இல்லேன்னு திருப்பி அனுப்பினா என்ன ஆகும்? ஒருத்தரையும் விட்டுடாதீங்க."

 அந்தக் கட்டளையை நானே அழித்தேன். அண்ணியைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. அவரோ இன்னொரு மெயிலில் அந்த முடிவைக் குறித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ புதன்கிழமை திறக்கிறோம் சார்," என்றார் முதலாளி.

"சரி."

முதலாளி அண்ணியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனுக்குக் குனிந்து பணிவாகக் கேட்டார்.

"இது எந்த சரி சார்?"