நான்கு மணிக்குள் ஒரு பதில்

மருந்துக் கிடங்கில் அவளைப் பட்டியலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் ஏதாவது ஒரு பட்டியல் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அதிகம் போகும் காய்ச்சல் மாத்திரைகள் கிடங்கின் கடைக்கோடி அடுக்கில் கிடக்க, பொட்டலம் கட்டுகிறவர்கள் நாள் முழுக்க நடையாய் நடந்தார்கள். பொறுக்கமாட்டாமல் திங்கட்கிழமை அவற்றைப் பொட்டலம் கட்டும் மேசைக்குப் பக்கத்தில் மாற்றி வைத்துவிட்டாள்.

வியாழன் மதியம் மேலாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இரண்டாவது வரியைத் தாண்டி அவளால் படிக்க முடியவில்லை. மதியச் சாப்பாட்டைப் பாதியிலேயே மூடி வைத்தாள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கணவனுக்கு அனுப்பினாள். அவன் மூன்றரை மணிக்குத்தான், கட்டைவிரல் உயர்த்திய பொம்மைப் படம் ஒன்றை மட்டும் அனுப்பினான்.

“இவருக்குப் போய் அனுப்பினேன் பாரு” என்று முணுமுணுத்தபடி, அதே படத்தைக் கைபேசியில் இருந்த ஏஐ உதவியாளருக்கு அனுப்பினாள். கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. என்ன கேட்பதென்று அவளுக்கே தெரியவில்லை.

பதில் வந்தது:

“படம் மட்டும் வந்திருக்கிறது, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை ஊகித்துச் சொல்கிறேன். அடுக்குகளை ஏன் மாற்றினீர்கள் என்று மேலாளர் கேட்கிறார். நாளை பத்து மணிக்கு வரச் சொல்கிறார். வருவதை இன்று நான்கு மணிக்குள் உறுதிசெய்ய வேண்டும். ‘என்னிடம் யாரும் கேட்கவில்லை’ என்று அவர் எழுதியிருப்பதில் வருத்தம் தெரிகிறது. ஆனால் காரணம் கேட்கிறார், தீர்ப்பு சொல்லவில்லை. கோபம் எவ்வளவு என்று எழுத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பதில் எழுதித் தர வேண்டுமென்றால், மாற்றிய காரணத்தைச் சொல்லுங்கள்.”

நான்கு மணியா? அந்த வரியை அவள் பார்க்கவே இல்லை. சுவர்க் கடிகாரம் மூன்று முப்பத்தைந்து காட்டியது.

மறுபடி மின்னஞ்சலைத் திறந்து கடைசிவரை படித்தாள். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காரணத்தைத் தட்டி அனுப்பி, “கேக்காம செஞ்சது தப்புதான், அதையும் சேர்த்து எழுது” என்றாள்.

நான்கே வரியில் பதில் தயாரானது. ‘தங்களிடம்’ என்றிருந்ததை ‘உங்களிடம்’ என்று மாற்றினாள்; ‘தங்கள்’ என்று அவள் ஒருநாளும் பேசியதில்லை. நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள்.

மறுநாள் மேலாளர் அவளை அறையில் உட்கார வைக்காமல் கிடங்குக்குள் அழைத்துப் போனார். மேசையிலிருந்து புது அடுக்குவரை நடந்தார். பிறகு பழைய கோடிவரை நடந்து திரும்பினார். மூச்சு வாங்கியது.

“தினமும் இவ்வளவு தூரமா நடந்தாங்க?”

“ஆமா சார். உங்ககிட்ட முதல்லயே கேட்டிருக்கணும்.”

“கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார் அவர் சிரிக்காமல். “இப்படியே இருக்கட்டும். அடுத்த தடவை கேட்டுட்டுச் செய்ங்க. நான் வேண்டாம்னு சொன்னா இங்க கூட்டிட்டு வந்து நடக்க விடுங்க.”

அன்று அவள் மதியச் சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.