தோளில் இருந்த கை

"மேசைய ஆட்டாத. கோணலா வெட்டிரும்," என்றாள் சுன்ரே.

லியென் மேசையைத் தொடவே இல்லை. சாப்பிட்ட கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றிருந்தாள். மாமியாரின் கையில் கத்தரிக்கோல், அதன் வாயில் ஒரு புகைப்படம். கடற்கரையில் எடுத்தது. சுன்ரே, அவள் மகன் கிவொன், பேத்தி யெரின், ஓரத்தில் லியென். படம் எடுத்த அடுத்த வருடம் கிவொன் கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான்.

"என் மூஞ்சி மட்டும் ஏன் அத்த வேணாம்?" என்று லியென் கேட்டாள். வியட்நாமிலிருந்து எங்கள் நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒன்பது வருடமாகியும் எங்கள் பேச்சு அவள் வாயில் கொஞ்சம் மழலையாகத்தான் வரும்.

"செவுரு பத்து வருசம் நிக்கும். நீ நிப்பியா? உனக்கு இருபத்தொம்பது வயசு. நாளைக்கே எவன் கூடயாவது போயிருவ. அப்புறம் ஓடிப்போனவ மூஞ்சிய தினம் பாத்துட்டு நான் படியேறணுமா?"

கத்தரிக்கோல் லியெனின் பக்கமாக இறங்கி, ஓரிடத்தில் நின்றது. லியெனின் வலது கை யெரினின் தோளில் இருந்தது. கையை வெட்டினால் பேத்தியின் தோளும் போய்விடும். சுன்ரே யோசித்தாள். பிறகு மணிக்கட்டோடு வெட்டினாள். மகள் தோளில் ஒரு கை மட்டும் மிஞ்சியது.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூசான் துறைமுகத்துக்கு மேலே, மலைச்சரிவில் படிகளாக ஏறும் எங்கள் சந்தின் அடிவாரத்தில் மண் சரியாமல் கட்டிய கான்கிரீட் சுவர் அது. பாசி பிடித்துக் கிடந்தது. மேல்வீட்டில் குடியிருந்த ஓவிய ஆசிரியை ஹேஜின்தான் ஆரம்பித்துவைத்தாள். "காசே வேணாம். ஆளுக்கொரு போட்டோ குடுங்க, வீட்டுல மிச்சமிருக்குற பெயிண்ட்டக் குடுங்க, நாலு ஞாயித்துக்கிழம வாங்க. நம்ம சந்து ஆளுங்க எல்லாரும் செவுத்துல நிப்போம்," என்றாள். எங்களுக்கு ஆசை வந்துவிட்டது. யாருக்குத்தான் வராது?

கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவினோம். விரிசல்களில் சிமெண்ட் அப்பி இரண்டு வாரம் காயவிட்டோம். மேலே வெள்ளை பூசினோம். தேவாலயத்தில் சாரம் இரவல் கிடைத்தது. இரும்புக்கடைக்காரர், யாரோ நிறம் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்த டப்பாக்களைச் சும்மா தந்தார். ஹேஜின் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, வீட்டுக்குள் அடிக்கும் மலிவுச் சாயங்களின் மூடியில் சிவப்பாகப் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கினாள்.

"இது ஏன் வேணாம்?" என்று லியென் கேட்டாள்.

"ஈரத் துணியால தொடச்சாலே வந்துரும். ஒரு மழ தாங்காது."

லியென் தலையாட்டிக்கொண்டாள்.

படம் வரையத் தெரியாதவர்களுக்கும் ஹேஜின் வழி வைத்திருந்தாள். புகைப்படத்தில் ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள். சாக்பீஸ் தடவிய நூலை இழுத்துச் சுண்டி, சுவரில் இருபது சென்டிமீட்டர் கட்டங்கள். படத்தின் கட்டத்தில் என்ன கோடு இருக்கிறதோ அதே கோடு சுவரின் கட்டத்தில். ஆட்கள் ஆள் உயரத்துக்கே வந்து நின்றார்கள். பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எண். அதே எண் எழுதிய பால் அட்டைப்பெட்டியில் அந்தச் சாயம். எண்ணைப் பார்த்து நிரப்பினால் போதும். அவரவர் குடும்பத்தை அவரவர்தான் நிரப்ப வேண்டும், அடுத்தவர் கட்டத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று கூட்டத்தில் முடிவானது. அந்த முடிவுக்கு வீட்டுத் தலைவர்கள் கையெழுத்துக்குப் பதிலாகத் தங்கள் பெயர் முத்திரையைக் குத்தினார்கள். லியெனுக்கு அந்த வீட்டில் முத்திரை கிடையாது.

முழங்கால் வலி என்று சுன்ரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனவே அந்த வீட்டுக் கட்டங்கள் முழுவதையும் லியென்தான் நிரப்பினாள். மாமியாரின் சுருக்கங்களைச் சின்னத் தூரிகையால் கவனமாகப் போட்டாள். செத்த புருஷனின் கண்ணுக்கு வந்தபோது இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கடைசியில் அந்தக் கை. ஹேஜின் படத்தில் இருந்ததை அப்படியே எடுத்திருந்தாள். அதன்மேல் எண் நான்கு, எங்கள் எல்லார் முகத்துக்கும் போட்ட அதே நான்கு. லியென் நிரப்பினாள். சுவரில் அவள் கைக்கும் எங்கள் கைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

நான்காவது ஞாயிறு சந்துத் தலைவர் பியன் பார்வையிட வந்தார்.

"இது யார் கை? பேய்க் கை மாதிரி தொங்குது?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுன்ரேயின் முகம் சிவந்தது.

"மூடுடி அத," என்றாள். "புள்ள சட்ட நீலத்த மேல அடி."

"நாந்தான் அடிக்கணுமா அத்த?"

"நம்ம கட்டத்துல வேற எவ அடிப்பா?"

ஹேஜின் வாயைத் திறந்தாள். குடியிருக்கும் வீடு பியனுடையது. மூடிக்கொண்டாள்.

சட்டைக்கு அடித்த எண் ஒன்பது நீலம் தீர்ந்துபோயிருந்தது. லியென், ஹேஜின் ஒதுக்கிவைத்த டப்பாக்களிடம் போனாள். சிவப்புக் குறி போட்ட ஒரு நீலத்தை எடுத்து, இன்னொன்றைக் கலந்து, சட்டையின் நிறத்துக்குக் கொண்டுவந்தாள். தன் கையைத் தானே விரல் விரலாக மூடினாள். துளி பிசிறு இல்லை.

"பரவால்ல, பொறுமசாலி," என்றார் பியன்.

அடுத்த வாரம் சுன்ரே ஊருக்கு அப்பால் மீன் பதப்படுத்தும் ஆலையில் லியெனுக்கு வேலை சொல்லிவைத்தாள். தங்குமிடமும் அங்கேயே. "புள்ள பள்ளிக்கூடம் போவுது, அது இங்க இருக்கட்டும். வீடு என் பேர்ல இருக்கு," என்றாள். அப்பன் செத்தால் பிள்ளை தாய்க்குத்தான் என்று சட்டம் இருக்கிறது. பியனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். லியெனிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு பையோடு அவள் படியிறங்கியதை இருபது வீட்டு ஜன்னலும் பார்த்தன. சுவரருகே குனிந்து மகளிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நாளில் வட்டார அலுவலகம் எங்கள் சுவருக்கு ஒரு பாராட்டுப் பலகை தந்தது. 'எல்லாரும் ஒரே குடும்பம்' என்று எழுதியிருந்தது. பியன் அதைக் குடும்பங்களின் தலைக்கு மேல் அடித்தார்.

ஜூன் கடைசியில் மழைக்காலம் தொடங்கியது. மூன்றாம் நாள் காலை, சுவரில் யெரினின் சட்டையிலிருந்து நீலம் ஒழுகிப் படிவரை ஓடியிருந்தது. தோளில் ஐந்து விரலும் தெளிவாக இருந்தன.

"வெளியில அடிக்கிற பெயிண்ட் வாங்கி மூடிரு," என்றார் பியன்.

"இதுக்குப் போய் காசு செலவு பண்ணணுமாக்கும்," என்று சுன்ரே அதே டப்பாவைத் தேடி எடுத்தாள். அவரவர் கட்டம் அவரவர் பாடு. வெயில் அடித்ததும் முக்காலி போட்டு உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூடினாள். அடுத்த மழையில் கை மறுபடி வந்தது. மறுபடி மூடினாள். மறுபடி வந்தது.

நாலாவது தடவை சுன்ரே தூரிகையோடு இறங்கி வந்தபோது யெரின் பள்ளிப் பையோடு அங்கே நின்றிருந்தாள். சுவரில் முதுகைச் சாய்த்து, தன் தோள் அந்தக் கைக்குக் கீழே சரியாக வரும்படி நின்றிருந்தாள்.

"தள்ளு. பாட்டி அடிக்கணும்."

"மழ வந்ததும் அம்மா கை வரும்னு அம்மா சொல்லிச்சு," என்றாள் யெரின். "நான் தள்ள மாட்டேன் பாட்டி. அடிக்கணும்னா என் மேலயே அடிங்க."

தூரிகையிலிருந்து நீலம் சுன்ரேயின் செருப்பில் சொட்டியது. பாராட்டுப் பலகைக்குக் கீழே நாங்கள் எல்லாரும் மடக்கிய குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.