ஆறில் நின்ற முள்

மதியம் இரண்டரை மணிக்கு, கிடங்கின் தீயணைப்புக் குழாய்களுக்கான பெரிய பம்ப் தானாக ஓடத் தொடங்கியது. சோதனை நாட்களில் நான்தான் அதை ஓட்டுவேன். இன்று யாரும் தொடவில்லை. குழாயில் அழுத்தம் குறைந்தால் மட்டுமே அது தானாக எழும். எங்கோ தண்ணீர் வெளியேறுகிறது.

போன் அடித்தது. அக்கா. துணிக்கிடங்கின் கடைசியில் லேபிள் ஒட்டும் அறையில் அவளுக்கு வேலை.

"ஏய், இங்க தீப்பிடிச்சிருக்கு. நடுப்பாதையில பெட்டி எரியுது."

"பின்கதவு வழியா வா."

"வெளியில பெட்டி அடுக்கி வச்சிருக்காங்க. தள்ளிப் பாத்துட்டேன், அசையல."

அப்படியென்றால் வெளியே வர அந்த நடுப்பாதை ஒன்றுதான்.

"அறைக் கதவைச் சாத்திட்டு, கீழ் இடுக்குல துணியை வச்சு அடை. தரையில உக்காரு. போனை மட்டும் வைக்காத."

தீயணைப்பு நிலையத்துக்கு வாசல் காவலாளி சொல்லிவிட்டார் என்று ஒலிபெருக்கி கத்தியது. அதற்குள் கிடங்கு மேற்பார்வையாளர் பம்ப் அறைக்குள் ஓடிவந்தார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை 'அவசரம்' என்றுதான் சொல்வார்கள்.

"வால்வை மூடும்மா. நாளைக்குப் போக வேண்டிய சரக்கு முழுக்க நனையப் போகுது."

"தீ எரியுது சார். உள்ள எங்க அக்கா இருக்கா."

"அதுக்காகக் கிடங்கு முழுக்கத் தண்ணிய ஊத்துவியா? போன வருஷம் நீதானே ஓடிவந்து மூடின?"

போன வருஷம் சரக்கு தூக்கும் வண்டி இடித்துக் குழாயே உடைந்தது. மூடியதற்காக அவர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். நான் கூச்சத்தில் தலை நிமிரவில்லை. இப்போது நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"இது குழாய் உடைஞ்சது இல்ல சார். குமிழ் உடைஞ்சது."

கூரைக் குழாயில் தண்ணீர் தெளிக்கும் ஒவ்வொரு முனையிலும் விரல் நுனி அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ் உண்டு. தண்ணீரை அடைத்திருக்கும் மூடியைத் தாங்கி நிற்பது அதுதான். உள்ளே சிவப்புத் திரவம். குமிழ் அறுபத்தெட்டு டிகிரிக்குச் சூடானால் திரவம் விரிந்து கண்ணாடி நொறுங்கும், மூடி விழும், தண்ணீர் கொட்டும். சூடு எட்டாத குமிழ் அப்படியே இருக்கும். ஒன்று உடைந்தால் மற்றதெல்லாம் உடையாது.

"சினிமாப் படத்துல எல்லாமே ஒண்ணா ஊத்துது," என்றார்.

"படத்துல ஊத்தட்டும் சார். முள்ளைப் பாருங்க."

வழக்கமாக ஏழில் நிற்கும் அழுத்த முள் ஆறில் நின்றது. "எல்லாம் திறந்திருந்தா பம்பு தாங்காது, முள் அடிமட்டத்துக்கு வந்திருக்கும். ஒண்ணோ ரெண்டோதான் திறந்திருக்கு." போனை ஒலிபெருக்கியில் போட்டேன். "அக்கா, கதவுக் கண்ணாடி வழியாப் பாரு. தண்ணி எங்க விழுது?"

இருமல். பிறகு, "தீ மேலதான். இந்தப் பக்கம் மேலேர்ந்து ஒரு சொட்டும் விழல. ஆனா புகை..."

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தேன். இணைப்பு கிடைக்கவில்லை.

"உன் பேச்சைக் கேட்டா கம்பெனியே மூழ்கிடும். சாவியைக் குடு."

வால்வு திறந்தே இருக்க வேண்டும் என்பதற்காகச் சக்கரத்தைச் சங்கிலியால் கட்டிப் பூட்டியிருக்கிறோம். சாவி என் கைக்குள். பூட்டை உடைக்க அவர் சுவரில் தொங்கிய பெரிய ஸ்பேனரை எடுத்தார். நான் சக்கரத்தின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.

"தள்ளு."

"முடியாது சார். தீ அணைஞ்சிருச்சுன்னு தீயணைப்புக்காரங்க வந்து சொல்லணும்."

அப்போது முள் நடுங்கி, ஆறுக்குச் சற்றுக் கீழே இறங்கியது.

"பாத்தியா, இறங்குது," என்றார்.

இன்னொரு குமிழ் உடைந்திருக்கிறது. தீ நகர்ந்திருக்கிறது. எந்தப் பக்கம்? அக்காவின் பக்கமா? நான் நினைத்தது தவறாக இருந்தால்? ஒரு கணம் உள்ளங்கை தளர்ந்தது. முள்ளையே பார்த்தேன். அது மேலும் இறங்கவில்லை. அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பேனர் மெதுவாகத் தொடைக்குக் கீழே வந்தது.

"நின்னுருச்சு இல்ல?" என்றார், என்னைக் கேட்பதுபோல.

"நின்னுருச்சு சார்."

பம்ப் இரைந்துகொண்டே இருந்தது. ஒன்பது நிமிடம் கழித்துத் தலைக்கவசம் போட்ட தீயணைப்பு வீரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். பின்னால், கன்னத்தில் கரி அப்பியிருக்க, அக்கா.

"அணைஞ்சாச்சு. மூணு திறந்திருக்கு, மூணும் தீக்கு மேலேயே. இனி மூடலாம்," என்றார் வீரர்.

நான் சக்கரத்தை விட்டு நகர்ந்தேன். ஆனால் விரல்கள் சாவியை விடவில்லை.

"போனு கீழ விழுந்து, கதவடியில கசிஞ்சு வந்த தண்ணியில நனைஞ்சிருச்சுடி," என்றாள் அக்கா. "அதுக்குள்ள என்னைச் சாகடிச்சிட்டியா மனசுல?" என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பூட்டை அவளே திறந்தாள். சங்கிலி விழுந்ததும் மேற்பார்வையாளர் குனிந்து, இரண்டு கையாலும் சக்கரத்தைத் திருப்பத் தொடங்கினார்.