சிவப்பு நூல் கட்டிய கேபிள்

விஜயதசமி அன்று காலை ஒன்பதே காலுக்கு ஈஸ்வர் அண்ணன் போன் செய்தார். நாமக்கல் பஸ் ஸ்டாண்டு பின்னால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர், என் முதலாளி.

"கலைமணி, மோகனூர் ரோட்டு தீவன மில்லுல போயி என்னத்தப் பண்ணிட்டு வந்தே? மிசினு எந்திரிக்கவே மாட்டேங்குதாம். தனபால் அய்யா காதுல வாங்க முடியாத பேச்சுப் பேசுறாரு."

"கிளீன் பண்ணுனேன், கேபிள் செக் பண்ணுனேன். அவ்வளவுதாங்கண்ணா."

"உடனே போ. சரியாகலைன்னா நாளையிலருந்து நீ கவுண்டர்லயே உக்காந்துக்க. வெளி வேலைக்கு நான் தனுஷை அனுப்பிக்கிறேன்."

கவுண்டர் என்றால் ஆதார் பிரிண்டும் ஜெராக்ஸும். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். போர் போடும் ரிக் லாரியில் கம்பி ஏற்றி இறக்கிய காசில் அப்பா திருச்செங்கோட்டில் படிக்க வைத்தார். பி.இ. முடித்து ஏழு மாதம் ஜெராக்ஸ் எடுத்தேன். 'பொம்பளப்புள்ளய சைட்டுக்கு அனுப்புனா நல்லாருக்காது' என்ற அண்ணனோடு சண்டை போட்டுத்தான் இந்த மில் வேலையை வாங்கினேன். நான் தனியாகப் போன முதல் சைட் இது. இதை விட்டால் மறுபடி ஜெராக்ஸ்தான்.

ஸ்கூட்டியில் போகும்போது யோசித்துக்கொண்டே போனேன். ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் வருஷாந்திர சுத்தம் செய்யப் போயிருந்தேன். அந்த மில்லில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. மக்காச்சோளம் எத்தனை கிலோ, சோயா எத்தனை, கருவாட்டுத் தூள் எத்தனை என்று அதில் அடித்தால், பக்கத்துக் கூடத்தில் இருக்கும் கண்ட்ரோல் பேனல் அளந்து கொட்டும். இரண்டையும் இணைப்பது ஒரே ஒரு கேபிள். நடுவில் வேறு எதுவும் கிடையாது.

அந்தக் கேபிளின் முனைகளில் ஜாக்கை யாரோ தப்பாக அடித்து வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் பக்க ஜாக்கில் ஆரஞ்சு ஜோடி முதலில். பேனல் பக்க ஜாக்கில் பச்சை ஜோடி முதலில். கேபிள் டெஸ்டரில் போட்டால் விளக்குகள் வரிசையாக எரியாமல் தாவித் தாவி எரிந்தன. எந்தக் குடிகாரன் அடித்தானோ என்று திட்டிவிட்டு, பேனல் பக்க ஜாக்கை வெட்டி, புது ஜாக் போட்டு, இரண்டு பக்கமும் ஒரே நிற வரிசையாக்கினேன். டெஸ்டரில் ஒன்றிலிருந்து எட்டு வரை அழகாக எரிந்தது. பூஜைச் சுத்தத்துக்காக அன்றிலிருந்தே மில்லை நிறுத்தி மெயின் சுவிட்சை அணைத்திருந்ததால் ஓட்டிப் பார்க்கவில்லை. செய்த வேலையில் எனக்குப் பெருமை வேறு.

மில் வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. லாரி டயர்களுக்கெல்லாம் சந்தனம். உள்ளே எலக்ட்ரீசியன் நாச்சிமுத்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"வந்துட்டீங்களா அம்மணி? நாந்தான் அன்னிக்கே சொன்னனுங்கல்ல, சிவப்பு நூலை அவுக்காதீங்கன்னு?"

ஆமாம், சொன்னார். அந்தக் கேபிளின் இரண்டு முனையிலும் பழைய சிவப்பு நூல் கட்டியிருந்தது. ஆனால் அந்த மில்லில் மோட்டாருக்கும் நூல், எடை மெசினுக்கும் நூல், ஃபேன் ரெகுலேட்டருக்கும் நூல். வருஷா வருஷம் பூஜைக்குக் கட்டுவது. தூசியும் எண்ணெயுமாக இருந்ததை வெட்டிப் போட்டேன்.

"நூலுக்கும் மிசினுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"எனக்கு முந்தி இங்க இருந்த சின்னுசாமியண்ணன் கட்டுனது. அவுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு. பொம்பளக் கை பட்டுருச்சு, நின்னுபோச்சு. ராசின்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல."

"ராசியாமா! உங்க வயரிங்குல எலி ஊடு கட்டியிருக்குது. அதுக்கு எந்தக் கை ராசிங்க?"

கண்ட்ரோல் ரூமில் நல்லம்மாள் அக்கா சிரித்துவிட்டார். அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டுபவர் அவர்தான். எட்டாவது வரை படித்தவர். நாற்பது வகைத் தீவனத்தின் அளவும் மனப்பாடம்.

"வா சாமி. வந்ததும் வராததுமா அவனோட என்ன பேச்சு. இதப் பாரு, நான் அடிக்கிறது அந்தப் பக்கம் போவவே மாட்டேங்குது."

மூலையில் மில் முதலாளி தனபால் அய்யா போனோடு உட்கார்ந்திருந்தார். பேனல் கம்பெனிக்காரன் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தான். "கம்யூனிகேசன் கார்டு போயிருக்கும் சார். பழைய மாடல். வரவழைக்க மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரம் என்ற கோழிக்கு நீ வந்து சோறூட்டுவியா?" என்று கேட்டுக் கட் செய்தார். என்னைப் பார்த்தார். "ஏம்மிணி, ஓடிக்கிட்டிருந்த மிசினு இது. சாயங்காலத்துக்குள்ள லோடு பண்ணைக்குப் போகோணும். ஆகும் ஆகாதுன்னு ஒரே சொல்லுல சொல்லு. ஆகாதுன்னா உன்ற கடைக்கும் நமக்கும் சரிப்பட்டு வராது."

"ஒரு மணி நேரம் குடுங்கய்யா."

கேபிளைச் சோதித்தேன். எட்டு கம்பியும் சரி. ஆனால் செருகினால் கம்ப்யூட்டர் பக்க ஜாக்கிலும் விளக்கு இல்லை, பேனலிலும் இல்லை. கேபிளைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி என் லேப்டாப்பில் செருகினேன். கூடத்தை எட்டிப் பார்த்தால் பேனலில் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. கேட்டதற்குப் பதிலும் வந்தது. கார்டு போகவில்லை! கேபிளை மறுபடி கம்ப்யூட்டரில் செருகிவிட்டு, லேப்டாப்பைக் கூடத்துக்கு எடுத்துப்போய், பேனல் பக்க முனையைக் கழற்றி அதில் செருகிப் பார்த்தேன். அதுவும் பேசியது.

"என்ன கண்ணு?" என்றார் நல்லம்மாள் அக்கா.

"இதும் நல்லாருக்குது, அதும் நல்லாருக்குது, கேபிளும் நல்லாருக்குதுங்கக்கா. என்ற லேப்டாப்போட ரெண்டும் தனித்தனியாப் பேசுது. ஒண்ணுக்கொண்ணுதான் பேச மாட்டேங்குது."

அக்கா முதலாளி பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நம்ம அய்யாவும் அவரு பங்காளியும் மாதிரியே. ஊர்ல எல்லாருகூடவும் பேசுவாங்க. நேருக்கு நேரு நின்னா மட்டும் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க."

"காது கேக்குது நல்லம்மா" என்றார் முதலாளி.

நேருக்கு நேர். என் கை நின்றுவிட்டது.

டூல் பையைத் தரையில் கொட்டினேன். குப்பை போடும் சின்ன டப்பாவில், அன்று நான் வெட்டியெடுத்த ஜாக் அப்படியே கிடந்தது. வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை ஆரஞ்சு. அந்த வரிசையை நான் பார்த்திருக்கிறேன். எந்த மிசினிலும் அல்ல, கல்லூரி ரெக்கார்டு நோட்டில். பக்கத்துப் பெண்ணிடம் பச்சைக் கலர் பென்சில் கடன் வாங்கி, குறுக்கே இரண்டு கோடு போட்டு, 'கிராஸ்ஓவர் கேபிள்' என்று தலைப்பு எழுதி முழு மதிப்பெண் வாங்கிய படம். லேபில் ஒன்றைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. 'இப்பல்லாம் இது தேவையில்லை, எழுதிக்கோங்க' என்றார்கள். எழுதிக்கொண்டோம்.

குடிகாரன் யாரும் அடிக்கவில்லை. வேண்டுமென்றே மாற்றி அடித்த கேபிள் அது. அதைத்தான் நான் 'சரி' செய்திருந்தேன். தப்பான கேபிள் என்றால் இத்தனை வருஷம் எப்படி ஓடியது என்று ஒரு நொடி என்னையே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பையில் ஒரு சின்ன நெட்வொர்க் சுவிட்ச் பெட்டி இருந்தது. அதை நடுவில் போட்டு, இரண்டு பக்கமும் சாதாரண கேபிள் கொடுத்தால் போதும், ஓடிவிடும். 'ஒரு பார்ட் மாட்டினேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். என் தப்பு யாருக்கும் தெரியாது. ஆனால் நாச்சிமுத்து வாழ்நாள் பூராவும் நூலை அவிழ்த்ததால் நின்றது, பொம்பளக் கை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அதை நினைத்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

எழுந்தேன். "அய்யா, மிசினை நிறுத்துனது நாந்தானுங்க."

முதலாளி நிமிர்ந்தார். நாச்சிமுத்து, "பாத்தீங்களா!" என்றார்.

"ராசி இல்லீங்க. இந்த ஜாக்கை வெட்டி மாத்திப்போட்டேன். அதான்." இரண்டு ஜாக்கையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "இந்தக் கேபிள்ல ஒரு ஜோடிக் கம்பி பேசறதுக்கு, ஒரு ஜோடி கேக்கறதுக்கு. கம்ப்யூட்டரும் பேனலும் ஒரே ஜாதி ஜாக்கு. ரெண்டும் ஒண்ணாம் ரெண்டாம் கம்பியில பேசும், மூணாம் ஆறாம் கம்பியில கேக்கும். நேரா இழுத்துட்டா என்ன ஆகும்?"

நல்லம்மாள் அக்கா முந்திக்கொண்டார். "வாய்க்கு நேரா வாயி, காதுக்கு நேரா காது. ரெண்டும் கத்தும், ஒருத்தருக்கும் கேக்காது!"

"அதேதானுங்க. அதனால ஒரு முனையில மட்டும் ஜோடியைக் குறுக்கால மாத்தி அடிக்கோணும். இதோட வாயி அதோட காதுக்குப் போகும். சின்னுசாமியண்ணன் அப்படித்தான் அடிச்சிருக்காரு. யாரும் மாத்திரக் கூடாதுன்னு அடையாளத்துக்கு நூல் கட்டியிருக்காரு. நீங்க எல்லாத்துக்கும் நூல் கட்டுனதுல அடையாளம் காணாமப் போச்சு."

"அப்ப உன்ற லேப்டாப்புக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?" என்றார் முதலாளி. தீவன வியாபாரி, கேள்வி சரியாகத்தான் வரும்.

"புது மிசினுங்க தானாப் பாத்துக்குமுங்க. எதிர்ல இருக்கறவன் எந்தக் கம்பியில பேசறான்னு பாத்து, வாயையும் காதையும் உள்ளயே மாத்திக்கும். ரெண்டுல ஒண்ணுக்கு அந்தப் புத்தி இருந்தாப் போதும். அதனாலதான் இப்ப யாருமே இந்தக் குறுக்குக் கேபிள் அடிக்கறதில்லை. நான் இதுவரைக்கும் ஒண்ணுகூடக் கண்ணுல பாத்ததில்லை. இங்க ரெண்டுமே கிழடு, ரெண்டுக்கும் அந்தப் புத்தி இல்லை."

"பங்காளிக ரெண்டு பேருக்கும் இல்லாத மாதிரி" என்றார் அக்கா. இந்த முறை முதலாளியே சிரித்துவிட்டார்.

பேனல் பக்க ஜாக்கை வெட்டினேன். தோலைச் சீவி, முறுக்கைப் பிரித்து, வெள்ளைப் பச்சையை முதலில் வைத்தேன். எட்டையும் புது ஜாக்கில் செருகினேன். கிரிம்பரை அழுத்தினேன். டெஸ்டரில் செருகி, மறுமுனைப் பெட்டியை அக்கா கையில் கொடுத்தேன். என் பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எரிந்தது. அவர் பக்கம் மூன்று, ஆறு, ஒன்று, நான்கு, ஐந்து, இரண்டு, ஏழு, எட்டு.

"அட, கட்டம் கட்டமாத் தாண்டிப் பாண்டி ஆடுது பாரு!" என்று குதித்தார் அக்கா.

அன்று என்னைத் திட்ட வைத்த அதே தாவல். இன்று பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

செருகினேன். பேனலில் பச்சை. "அக்கா, அங்க?"

"எரியுது சாமி! எரியுது!"

அக்கா முட்டைக்கோழித் தீவனம் என்று அடித்தார். மேலே எங்கோ ஒரு கதவு டக்கென்று திறந்தது. மக்காச்சோளம் சடசடவென்று கொட்டுகிற சத்தத்தில் கட்டடமே அதிர்ந்தது. நாச்சிமுத்து தன்னை அறியாமல் கைதட்டிவிட்டு, உடனே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

முதலாளி ஈஸ்வர் அண்ணனுக்குப் போன் போட்டார். என் முன்னாலேயே, ஸ்பீக்கரில்.

"ஏப்பா, மிசினைக் கெடுத்தது உன்ற கடைப் புள்ளதான். அதே ஒத்துக்கிச்சு."

அந்தப் பக்கம் அண்ணன், "மன்னிச்சுக்கங்கய்யா, நாளையிலருந்து வேற ஆள—" என்று ஆரம்பித்தார்.

"இருப்பா. கார்டு போச்சு, மூணு வாரம்னான் கம்பெனிக்காரன். நூலை அவுத்துட்டாங்கன்னான் நம்மாளு. எங்க தப்புன்னு கண்டுபிடிச்சது இது ஒண்ணுதான். இனி இதே வரட்டும். வேற ஆளை அனுப்புனீன்னா அவன் வந்து மறுபடியும் சரி பண்ணித் தொலைச்சிருவான்."

அக்கா இரண்டு கை நிறையப் பொரியும் கடலையும் கொடுத்தார். தின்றுகொண்டே ஒரு அட்டையை வெட்டி, மார்க்கரில் எழுதிக் கேபிளில் கட்டினேன்: 'இது தப்பு இல்லை. குறுக்குக் கேபிள். வெட்டாதே. கலைமணி.'

கட்ட நூல் தேடியபோது நாச்சிமுத்து சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். சிவப்பு நூல்.

"இதுலயே கட்டுங்கம்மிணி."

"மத்ததுல இருக்கற நூலையெல்லாம் அவுத்துருங்க. அப்பத்தான் கட்டுவேன்."

தலையைச் சொறிந்தார். "ஃபேன் ரெகுலேட்டருது மட்டும் இருக்கட்டுமுங்க. அது எப்பவும் தகராறு பண்ணும்."

சரி, போகட்டும் என்று விட்டேன். அட்டையைக் கட்டி முடித்துத் திரும்புவதற்குள், அதில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டிருந்தார் அந்த மனுஷன்.