இரண்டு தரம் சாப்பிட்ட துவக்கு

1.

இந்தக் கதையை எழுதச் சொல்லி எனக்கு உத்தரவு போட்டவள் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை. பெயர் கஜேந்தினி. உத்தரவு என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். அது தண்டனை.

"பொய் இல்லாம எழுதோணும் தாத்தா," என்றாள்.

வெருகல் பக்கத்தில் நாற்பது வருடமாக வேட்டைக் கதை சொல்லி வருகிறவன் நான். பெயர் வேலாப்போடி. என் கதைகளில் செத்த பன்றிகளை வரிசையாக நிறுத்தினால் வெருகல் ஆற்றிலிருந்து திருகோணமலைத் துறைமுகம் வரைக்கும் நிற்கும். கடைசி இரண்டும் கப்பலுக்குள் ஏறவேண்டி வரும். அப்படிப்பட்டவனைப் பொய் இல்லாமல் எழுதச் சொல்வது, மீனைக் கரையில் ஏறி நின்று கதைக்கச் சொல்வதுபோல.

ஆனாலும் முயல்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றினான் என்று பேச்சு வரக்கூடாது: ஒரு கிழட்டுத் துவக்கு ஒரு நல்ல மனிதனின் கன்னத்தோடு அணைந்திருக்கும்போது வெடித்துச் சிதறுமா, சிதறாதா என்பதுதான் கதை. வேறு ஒன்றும் இல்லை.

2.

தொடக்கங்கள்:

'அடர்ந்த காட்டினூடே முறுக்கு மீசை வேட்டைக்காரன்...' (விட்டுவிட்டேன். அவனுக்கு மீசை இல்லை. அது காடும் இல்லை, சோளன் தோட்டம்.)

'துவக்குக்குப் பயம் தெரியாது, ஆனால்...' (துவக்குக்கு எதுதான் தெரியும்? விட்டுவிட்டேன்.)

'கிரிசாந்துக்கு முப்பத்தெட்டு வயது. மூக்குக்கண்ணாடி போட்டவன். நாய்க்குப் பயம்.'

இது நிற்கட்டும். இது உண்மை என்பதால் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது. என் கதைகளில் வேட்டைக்காரன் என்றால் சிறுத்தையை முறைத்தே திருப்பி அனுப்புகிறவனாக இருப்பான். கிரிசாந் தெருநாயைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி, சைக்கிளுக்கு மறுபக்கம் நடக்கிறவன். இவனை நீங்கள் நம்புவீர்களா என்று எனக்கே சந்தேகம். ஆனால் எங்கள் ஊர்ப் பயிரைப் பன்றியிடமிருந்து காக்கிறவன் அவன்தான். லைசன்ஸ் உள்ள துவக்கும் அவனிடம்தான். கஜேந்தினி அவனுடைய அக்காவின் மகள். அவளுக்குத் துவக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவனும் அவன்தான்.

3.

துவக்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக ஏலாது.

அது தோட்டா போடுகிற துவக்கு இல்லை. எல்லாம் வாயால்தான் போகும். முதலில் அளவுக் குப்பியால் ஒரு குப்பி கறுப்பு மருந்து. அதற்கு மேலே தென்னந்தும்பு உருண்டை. கோலால் இறுக்கி இடிக்க வேண்டும். அதற்கு மேலே ஈயச் சன்னம், சின்னக் குண்டுகள். சன்னம் உருண்டு வராமல் இன்னொரு தும்பு, இது மெதுவாக. கடைசியாக, சுடப்போகும் நேரத்தில் மட்டும், பின்பக்கத்துக் குமிழில் சட்டிபோலச் சின்னக் கேப்பு. குதிரை விழுந்து கேப்பை அடித்தால் பொறி குமிழின் துளையால் உள்ளே போகும். பிறகு நடப்பது உங்களுக்குத் தெரியும்.

(குதிரை என்பது கேப்பை அடிக்கும் சுத்தியல். கஜேந்தினி முதல் நாள் "குதிரை என்ன தின்னும் மாமா?" என்று கேட்டாள். "விரல் தின்னும்," என்றான் கிரிசாந். அதற்குப் பிறகு அவள் அதன் பக்கம் விரலைக் கொண்டு போகவில்லை.)

பாடம் தொடங்கி மூன்று கிழமை அவளுக்குத் துவக்கைத் தொடக் கிடைக்கவில்லை. கோலை மட்டும் தூக்கினாள். நல்ல மரக்கோல், நுனியில் பித்தளைப் பூண். அதில் இரண்டு வெட்டு. வெறும் குழலுக்குள் கோலை அடிவரை விட்டால் மேல் வெட்டு குழல் வாயோடு சரியாக நிற்கும். ஒரு போடு மருந்தும் சன்னமும் உள்ளே இருந்தால் கோல் நாலு விரல் முன்னமே தட்டி நிற்கும். அப்போது வாயோடு நிற்பது கீழ் வெட்டு. கஜேந்தினி மேல் வெட்டுக்குப் 'பசி' என்று பெயர் வைத்தாள். கீழ் வெட்டுக்குச் 'சாப்பாடு'.

"கையில எடுத்தா முதல்ல என்ன செய்யோணும்?"

"கோலை விட்டுப் பாக்கோணும்."

"நான் வெறுந்துவக்கு எண்டு சொன்னா?"

"கோலை விட்டுப் பாக்கோணும்."

"அம்மா சொன்னா?"

"அம்மாவுக்குத் துவக்கைப் பத்தித் தெரியாது மாமா."

"சரி, தெரிஞ்ச ஆள் சொன்னா?"

"கோலை விட்டுப் பாக்கோணும். முகத்தை வாய்க்கு நேர வைக்கக் கூடாது. உள்ளங்கையால கோலை அமத்தக் கூடாது, விரலால பிடிக்கோணும். மாமா, எனக்குத் தண்ணி விடாய்க்குது."

இன்னொரு ஏற்பாடும் செய்தான். துவக்கு அவன் கையில். கேப்பு டப்பி அவள் கழுத்தில், நூலில். கோல் பார்த்து அவள் தலையாட்டினால்தான் கேப்பு கைமாறும். கேப்பு இல்லாத துவக்கு கொஞ்சம் பாரமான பொல்லு, அவ்வளவுதான்.

4.

இனி நான் கதைக்குள் வரவேண்டிய இடம். (இந்தப் பகுதியை ஏழு தரம் எழுதினேன். ஆறு தரமும் நான் வரவில்லை. அந்த ஆறும் அழகான கதைகள்.)

அன்று காலையே கிரிசாந் ஒரு போடு போட்டு, கேப்பு வைக்காமல், துவக்கைத் தோட்டத்துக் காவல் குடிசையான வாடியில் சாத்தி வைத்திருந்தான். மத்தியானம் சோளனுக்குள் இறங்கிவிட்டான். மருந்து போட்ட துவக்கை ஆளில்லாமல் விட்டது அவன் பிழை. அதை அவனே பிறகு ஒத்துக்கொண்டான். என் பிழை அவனுடையதை விட நீளம்.

நான் கொப்பியும் பேனையுமாக வாடிக்கு வந்தேன். துவக்கு தனியே சாய்ந்திருந்தது. மருந்துக் குப்பியும் சன்னப் பையும் ஆணியில் தொங்கின. உதவி செய்வோமே என்று தோட்டத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"தம்பி! மருந்து போட்டாச்சோ?"

"இன்னும் இல்ல பெரியப்பா! பின்னேரம்தான் போடோணும்!" என்று சோளனுக்குள்ளிருந்து பதில் வந்தது.

அவன் சொன்னது படைப்புழுவுக்குக் குருத்தில் போடுகிற மருந்தை. நான் கேட்டது துவக்குக்குப் போடுகிற மருந்தை. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு தமிழர் முழுத் திருப்தியோடு கதைத்து முடித்தோம்.

இப்போது உண்மை. நாற்பது வருடம் வேட்டைக் கதை சொன்ன நான் ஒருநாளும் ஒரு துவக்குக்கு மருந்து போட்டதில்லை. அன்றுதான் முதல். கோலின் வெட்டுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாது. அழகுக்கு வெட்டியது என்று நினைத்திருந்தேன். ஒரு குப்பி மருந்து. தும்பு கண்ணில் படவில்லை, கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து இடித்தேன். சன்னம். இன்னொரு தாள். வேலை முடிந்ததும் மிகவும் பெருமையாக இருந்தது.

5.

நாலரை மணிக்குப் பன்றி வந்தது.

(என் வழக்கமான பன்றி ஒரு லொறியளவு இருக்கும். இது ஒரு பன்றியளவு இருந்தது.)

சோளனின் தென்மூலையில் நின்று சாவகாசமாக முறித்துத் தின்றது. கிரிசாந் வாடிக்குள் பாய்ந்து துவக்கைத் தூக்கினான். அதற்குள் வாடிக்கு வந்துவிட்டிருந்த கஜேந்தினியிடம் கையை நீட்டினான். "கேப்பைத் தா மகள், கெதியாத் தா."

"கோல் பாக்கேல்ல."

"காலையில நான்தானே போட்டன். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்ச ஆள் சொன்னாலும் பாக்கோணும்."

"பன்றி போயிரும் புள்ள!"

"குடு மகள், குடு," என்றேன் நானும். என் கையால் போட்ட வெடியைக் கேட்க எனக்கு ஆசை. "மாமாட கையப் பார், துடிக்குது."

அவள் டப்பியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, கை திறக்கவில்லை.

இந்த இடத்தில் இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கிரிசாந் டப்பியைப் பறிக்கிறான், கேப்பை வைக்கிறான், கன்னத்தை அணைக்கிறான், குதிரையை முழுதாக இழுத்து... இல்லை. அந்த வசனத்தை நான் முடிக்கமாட்டேன். இரண்டு போடு சன்னத்தை அடிமருந்து தள்ள வேண்டும். அந்தப் பழைய குழல் பொறுக்காது. அவனுக்கு மூக்குக்கண்ணாடி வைக்க மூக்கு வேண்டும்.

இரண்டாவதுதான் நடந்தது. கிரிசாந் பன்றியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நாயைக் கண்டவன்போல ஒரு பெருமூச்சு விட்டு, குழலை மேலே நிமிர்த்திப் பிடித்துக் கொடுத்தான்.

கஜேந்தினி முகத்தை ஒருபக்கம் விலக்கி, விரல்களால் கோலை இறக்கினாள். டொக். 'சாப்பாடு' வெட்டு குழல் வாயில் நிற்கவில்லை. வாய்க்கு மேலே, இன்னும் நாலு விரல் உயரத்தில் நின்றது. அவள் விரலை வைத்து எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"மாமா," என்றாள், "இது ரெண்டு தரம் திண்டிருக்கு."

கிரிசாந் கேப்பு டப்பி அவள் கழுத்திலேயே இருக்கிறதா என்று பார்த்தான். 

6.

துவக்கின் வயிற்றை எடுப்பது அரைமணி வேலை. அவ்வளவு நேரமும் பன்றி தின்றுகொண்டிருந்தது. நடுவில் ஒருதரம் எங்களைப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்கு மாறியது.

கிரிசாந் குதிரையை அரைவாசி இழுத்து நிறுத்தி, குமிழின் துளையால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டான். அடிமருந்து நனைந்தால் பற்றாது. துவக்கை வரம்பில் படுக்கவைத்து, வாயை ஆளில்லாத மணல் பக்கம் திருப்பினான். கோல் நுனியில் திருகாணியைப் பூட்டி, பக்கவாட்டில் இருந்துகொண்டு திருகி இழுத்தான்.

முதலில் வந்தது தும்பு இல்லை. கடதாசி.

"இதென்ன, எழுத்து?" என்று அவன் கண்ணாடியைத் துடைத்தான். கஜேந்தினி விரித்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல உரத்து வாசித்தாள்:

"'அன்று ஒரே வெடியில் நான் விழுத்திய மூன்று முயல்களில் ஒன்று சாகும் முன் என்னை வணங்கியது.'"

பிறகு சன்னம் கொட்டியது. பிறகு இன்னொரு தாள். பிறகு மருந்து. அதற்குக் கீழே, ஒழுங்காகப் போட்டவனின் ஒழுங்கான தும்பு.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இருமல் வந்தது. உண்மையான இருமல்.

"முயல் எப்பிடித் தாத்தா வணங்கும்?" என்று கேட்டாள் கஜேந்தினி. அதற்குப் பிறகுதான் தண்டனையைச் சொன்னாள்.

7.

கிரிசாந் கோலிலிருந்து திருகாணியைக் கழற்றினான். வெறுங்குழலுக்குள் கோலை விட்டுப் பார்த்தான். எழுந்தான். என் முன்னால் வந்து நின்றான். பிறகு வாயைத் திறந்து, எண்ணிப் பதினொரு சொல் சொன்னான்.

அதை எழுத ஏழு விதமாக முயன்றேன். ஒன்றில் அவன் என்னை மன்னித்தான். அது பொய், கஜேந்தினி பிடித்துவிடுவாள். ஒன்றில் அவன் அழுதான். அதுவும் பொய், அழுதவன் நான். நடந்ததை அப்படியே எழுதலாம் என்றால் பேனை அந்த இடத்தில் வந்து காய்ந்துபோகிறது. மூன்று பேனை மாற்றியாயிற்று.

ஆகவே அதை நீங்களே அவன் இடத்தில் நின்று எழுதுங்கள். சற்றுமுன் உங்கள் கன்னம் அந்தத் துவக்கில் அணைய இருந்தது. முன்னால் நான், கையில் கிழிந்த கொப்பியோடு. கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். கெட்ட சொல் வந்தால் சின்ன எழுத்தில் போடுங்கள், பிள்ளை வாசிப்பாள்.

..............................................................