பிளாஸ்டிக் மரத்தில் சவுக்கு

சவுக்குத் தோப்பைக் கண்டாலே ஆனந்தவல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பூதலூருக்குப் பக்கத்தில், வாய்க்காலைத் தாண்டினால் துரைராசுவின் தோப்பு. ஒரு காலத்தில் நல்ல நஞ்சை அது. நில உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்றதும், உழுகிறவன் கைக்குப் போய்விடுமே என்று துரைராசுவின் அப்பா நெல்லை நிறுத்திவிட்டுச் சவுக்கை நட்டார். தோப்பாக இருந்தால் சட்டம் தொடாதாம். அதற்குப் பிறகு எத்தனை ஆட்சி மாறியது, எத்தனை பேர் மேடையேறி நிலம் தருகிறோம் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். வெட்ட வெட்ட மறுபடி நட்டதில், சவுக்கு மட்டும் அசையாமல் நின்றது.

முந்தின வருசம் அந்த நிலத்தைக் கேட்டுத் தெருவே கொடியோடு தோப்புக்குள் இறங்கியது. முன்னால் போனவன் அவள் புருசன் ஜெக்கரியா. மரம் வெட்டினான், காவல்காரனை அடித்தான் என்று வழக்கு. ஜெயிலிலிருந்து ஜாமீனில் வந்தபோது அவனுக்கு இடது காது கேட்கவில்லை. இனி தோப்புப் பக்கம் கால் வைத்தாலோ, ஒரு மிளாறுக் குச்சியை ஒடித்தாலோ ஜாமீன் ரத்து, கேஸ் முடிகிறவரை உள்ளேதான் என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இன்னொரு தடவை உள்ளே போனால் அவன் முழுசாகத் திரும்ப மாட்டான் என்பது ஆனந்தவல்லிக்குத் தெரியும்.

தெருவுக்குக் கோயில் கிடையாது. கிறிஸ்துமஸ் ஜெபம் ஜெக்கரியா வீட்டு வாசலில்தான். அதற்கு மரம் என்றால் எப்போதும் சவுக்குக் கிளைதான். மணல் வாளியில் நட்டுப் பலூன் கட்டினால், ரெண்டே நாளில் துவண்டு வீடெல்லாம் ஊசி ஊசியாகக் கொட்டும். அந்த வழக்கமே இனி வேண்டாம் என்று அவள் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினாள்.

கடைக்காரர் அஹமது கபீர் பொறுமைசாலி. அவள் எல்லா மரத்தையும் இறக்க வைத்தாள். வெள்ளை மரம் அழகுதான், ஆனால் அடுப்புப் புகையில் ஒரே வருசத்தில் பல்லைக் காட்டும். ஆளுயர மரம் வீட்டுக் கூரை ஷீட்டில் இடிக்கும். இரும்புக் கால் வைத்தது ஈரத்தரையில் துருப்பிடிக்கும். கடைசியில் இடுப்பு உயரத்துக்குப் பச்சை மரம் ஒன்று, பிளாஸ்டிக் கால், குடை மாதிரி மடங்கும் கிளை. கிளையை உருவிப் பார்த்தாள். ஒரு ஊசி உதிரவில்லை.

"எடுத்து வைக்கிறதுலதான் இருக்கு, தங்கச்சி," என்றார் கபீர். "நிழல்ல நல்லாக் காயவிட்டுட்டு, துணிப்பையில தொளதொளன்னு போட்டு வைங்க. இறுக்கிக் கட்டிராதீங்க. ஷீட்டுக்கு அடியில மட்டும் வேணாம், சித்திரை வெயில்ல கொழகொழத்துப் போயிரும்."

தலையாட்டினாள். அந்த வருசக் கிறிஸ்துமஸ் ஜம்மென்று நடந்தது. பனி என்று ஒட்டிய பஞ்சு ஈரக்காற்றில் நமத்து, ஜிகினாத்தாள் நட்சத்திரம் பசை விட்டுக் கழன்றது. அவள் சளைக்காமல் எல்லாவற்றையும் நூலால் கட்டினாள். தெருப் பிள்ளைகள் மரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. ஜெக்கரியா கதவோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

ஆனந்தவல்லியின் கெட்ட பழக்கம் சுத்தம். எதையும் கையகலமாக மடித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் அவசரத்தில், மரத்தைக் காயவிடாமலே கயிறு போட்டு இறுக்கி, யூரியா சாக்குக்குள் திணித்து, வாயைத் தைத்து, தரையில் வைத்தால் தண்ணீர் ஏறும் என்று ஷீட்டுக்கு அடியில் பரணில் ஏற்றிவிட்டாள். கபீர் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. பார்க்கக் கச்சிதமாக இருந்தது, அவ்வளவுதான்.

மறு வருசம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் சாக்கைப் பிரித்தாள். கெட்ட நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே அடைந்த ஈரத்தில் கிளைக்குள் இருந்த கம்பியெல்லாம் துருப்பிடித்து, கோடையில் வெந்த இலைகள் ஒன்றோடொன்று அப்பிக்கிடந்தன. பிரிக்கப் பிரிக்கக் கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. வெந்நீரில் முக்கி நீவினாள். பாதிக் கிளை நிமிர்ந்தது. மறுபாதி சொட்டை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சாயங்காலம் சனம் வந்து நிற்குமே!

அப்போதுதான் காளியம்மாள் தலையில் விறகுக் கட்டோடு தெருவில் போனாள். அவள் செங்கிப்பட்டிப் பக்கம் சவுக்கு வெட்டு நடக்கிற இடத்தில் மிளாறு பொறுக்கி விற்கிறவள். கட்டின் நுனியில் பச்சை மாறாத சவுக்குக் கொத்து இருந்தது.

"அக்கா, அதுல நாலு கொத்து குடுங்க."

"எடுத்துக்க புள்ள, அது எரியவா போவுது."

துரைராசு தோப்புச் சவுக்கு இல்லையே என்று, சொட்டை தெரிந்த இடத்திலெல்லாம் அதை வைத்துப் பச்சை நூலால் கட்டினாள். ஒட்டுப்போட்டதே தெரியவில்லை. ஜெக்கரியா பார்த்திருந்தால் தடுத்திருப்பான். அவன் கொல்லையில் படுத்திருந்தான்.

மதியம் ஜீப் வந்தது. ராத்திரி துரைராசு தோப்பில் மரம் வெட்டுப்பட்டிருக்கிறதாம். இன்ஸ்பெக்டரும் ரெண்டு போலீசும் வீட்டைக் கவிழ்த்தார்கள். அரிவாள் இல்லை, கட்டை இல்லை. ஜெக்கரியா கைகட்டி நின்றான்.

"ராத்திரி பூரா வீட்டுலதாங்க இருந்தேன். தெருவே சொல்லும்."

இன்ஸ்பெக்டர் சலிப்போடு தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியவர், மரத்தைப் பார்த்து நின்றார். ஒரு கொத்தை உருவி விரலால் கசக்கி மோந்தார்.

"இது என்னடா?"

ஜெக்கரியா கட்டியிருந்த கையை அவிழ்த்தான். அவன் மரத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அய்யா, அது பிளாஸ்டிக் மரங்க! தஞ்சாவூர்ல வாங்குனது. சொட்டையா இருந்துச்சுன்னு நாலு கொத்து..." ஆனந்தவல்லி குறுக்கே வந்து நின்றாள்.

"நாலு கொத்து எங்கேர்ந்து வந்துச்சு? யாரு குடுத்தா?"

காளியம்மாளின் பெயர் அவள் வாய் வரைக்கும் வந்தது. புருசன் இல்லாதவள், விறகு விற்றுப் பிழைக்கிறவள். பெயரைச் சொன்னால் அவளையும் ஜீப்பில் ஏற்றுவார்கள். சொல்லாவிட்டால்? ஆனந்தவல்லி தடுமாறிய அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது.

"நான்தாங்க ஒடிச்சேன்," என்றான் ஜெக்கரியா. "பொம்பளைக்கு ஒண்ணும் தெரியாது."

"அய்யோ, இல்லைங்க! நான் கட்டுனது!"

யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனை ஏற்றினார்கள். மரத்தையும் பலூனோடு தூக்கிப் பின்னால் போட்டார்கள்.

அவள் ஓடிப்போய்க் காளியம்மாளிடம் சொன்னாள். காளியம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு கூடவே கிளம்பினாள். ரெண்டு பேரும் ஸ்டேஷன் வாசலில் நின்றார்கள். காளியம்மாள் தான் கொடுத்ததாகச் சொன்னாள். ஆனந்தவல்லி தான் கட்டியதாகச் சொன்னாள். எழுத்தர் பேனாவை எடுக்கவே இல்லை.

"அதான் அவனே ஒத்துக்கிட்டான்ல. போங்கம்மா."

"மரத்தையாவது தொட்டுப் பாருங்க சார்! கம்பியும் பிளாஸ்டிக்கும்தான்," என்றாள் ஆனந்தவல்லி.

"சவுக்கு மரம் ஒண்ணுன்னு எழுதியாச்சு," என்றார் அவர்.

உள்ளே எதுவோ சுவரில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு ஜெக்கரியாவின் குரல், அடங்கிப்போய்: "வல்லி, வீட்டுக்குப் போ. ஜெபத்துக்குச் சனம் வந்துரும்."

"நான் இங்கதாங்க இருக்கேன்," என்று அவள் கத்தினாள். அவன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான், கேட்கிற வலது காது எந்தச் சுவர்ப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. கட்டிடத்தைச் சுற்றி வலப்பக்கம் ஓடி, ஜன்னல் இல்லாத சுவரில் வாயை வைத்து மறுபடி மறுபடி கத்தினாள்.